கேபிளில் இருக்கும் அந்தக் குண்டு

எங்கள் வீட்டில் உம்மும்மாவுக்கு ஒரு பழைய வானொலிப் பெட்டி உண்டு. மூன்று பற்றரிகளில் இயங்குவது. இரவு இஷாவுக்குப் பிறகு அதைக் கட்டிலருகே உள்ள சின்ன மேசையில் வைத்து, மத்திய அலையில் தூத்துக்குடி நிலையத்தைத் தேடிப் பிடிப்பார். 1053 கிலோஹேட்ஸ். அந்த நிலையத்தின் ஒலிபரப்பி 200 கிலோவாட் வலுவுடையது. தூத்துக்குடியிலிருந்து வெள்ளவத்தைக்கு நேர்கோட்டில் முந்நூறு கிலோமீற்றரும் இல்லை. நடுவில் பெரும்பகுதி கடல். மத்திய அலை தரையின் மேல் போவதைவிட உப்புநீரின் மேல் மிகக் குறைந்த இழப்போடு போகும். அதனால் கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு அது உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்கும். கேட்டுக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு என் தாத்தா பல்கலைக்கழக வேலைகளை வீட்டிலிருந்து செய்வதற்காக அந்த அறையிலேயே மடிக்கணினியையும் ஒரு பெரிய திரையையும் வைத்தார். அன்றிலிருந்து தூத்துக்குடி நிலையத்தின் மேல் "ங்ங்ங்" என்று ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்துவிட்டது. "இந்த ரேடியோவுக்கு என்ன மகள் வந்தது? நெஞ்சுச் சளி மாதிரி இழுக்குது" என்றார் உம்மும்மா. புதுப் பற்றரி போட்டோம், மாற்றம் இல்லை. தாத்தா வெளியே போன நாளில் இரைச்சலும் போய்விட்டது. ஆகவே குற்றவாளி யார் என்பது எளிதாகத் தெரிந்தது. மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றினேன். தூத்துக்குடி உடனே தெளிவாகப் பேசியது.

எனக்குப் புரியாதது வேறொன்று. அந்தச் சார்ஜரின் வயரில், மடிக்கணினியில் செருகும் முனைக்குப் பக்கத்தில், விரல் மொத்தத்தில் உருளையாக ஒரு கறுப்புக் குண்டு இருந்தது. அது இரைச்சலைத் தடுப்பதற்குத்தான் என்று எங்கோ வாசித்திருந்தேன். தடுப்பதற்கென்றே வைத்த குண்டு இருக்கும்போது இரைச்சல் எப்படி வந்தது? இந்தக் கேள்வியோடு கொள்ளுப்பிட்டிக்கு வந்து பௌதிகவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. "முதலில் அது எந்த இரைச்சலுக்காக வைத்தது என்று பார்" என்றார். அந்த ஒரு சொல், "எந்த" என்பது, எனக்கு ஒரு மாதத்து வேலையைக் கொடுத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குண்டின் பிளாஸ்திக்கு உறைக்குள்ளே இருப்பது பெரைற். கரும் சாம்பல் நிறத்தில், துளையுள்ள பெரிய மணிபோல இருக்கும். பார்த்தால் கல் என்பீர்கள். கீழே விழுந்தால் பீங்கான்போல உடையும். உண்மையில் அது பீங்கான் வகைப் பொருள்தான். இரும்பு ஒட்சைட்டுத் தூளோடு நிக்கல், நாகம், மங்கனீசு போன்ற உலோகங்களின் ஒட்சைட்டுகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். 1930இல் தோக்கியோவில் யோகோரோ கத்தோ, தக்கேஷி தக்கேயி என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இதை விற்பனைக்கு உற்பத்தி செய்வதற்கென்றே 1935இல் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் டிடிகே. நம் பெற்றோர் பாட்டுப் பதிந்து கேட்ட கசற்றுகளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். அந்த நிறுவனத்தின் முதற் பொருள் கசற்று அல்ல, பெரைற்.

இரும்பே காந்தத்துக்கு நல்ல பொருளாயிற்றே, அதைச் சுட்டுத் துருவாக்கி ஏன் பாவிக்க வேண்டும் என்று கேட்கலாம். நிலைமாற்றிப் பாடத்தில் நாம் படித்ததை நினைவில் கொண்டு வாருங்கள். மாறும் காந்தப்புலத்தில் இரும்பை வைத்தால் இரும்புக்குள்ளேயே சுழியோட்டங்கள் பிறக்கும். 50 ஹேட்ஸில் இரும்பை மெல்லிய தகடுகளாக வெட்டி இதைச் சமாளிக்கலாம். புலம் செக்கனுக்கு இலட்சக்கணக்கில் மாறும்போது தகடும் போதாது. பெரைற் காந்தத்தன்மை உடையது. ஆனால் மின்னை இலகுவில் கடத்தாது. அதனால் அதற்குள் சுழியோட்டம் ஓட வழியில்லை. காந்தமாகவும் காவலியாகவும் ஒரே பொருள் இருப்பதுதான் இதன் சிறப்பு.

இனி இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். சார்ஜர் அதை முதலில் நேரோட்டமாக்குகிறது. அங்கே ஏறத்தாழ 325 வோல்ற்று கிடைக்கும். பிறகு அந்த நேரோட்டத்தை ஒரு திரான்சிற்றர் மிக வேகமாகத் திறந்து மூடுகிறது. இவ்வகைச் சார்ஜர்கள் பலவற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 65,000 தடவை, அதாவது 65 கிலோஹேட்ஸில் இது நடக்கிறது. இப்படி வெட்டி வெட்டி அனுப்பினால் நிலைமாற்றியைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிவிடலாம். பழைய காலத்துச் செங்கல் பாரச் சார்ஜர்கள் மறைந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. வீணைத் தந்தியைச் சுண்டினால் அடிப்படைத் தொனியோடு மேற்றொனிகளும் பிறக்கும் அல்லவா? தந்தியை மெல்லத் தடவாமல் சட்டென்று இழுத்து விட்டால் மேற்றொனிகள் இன்னும் கூடும். 65 கிலோஹேட்ஸில் சட்சட்டென்று வெட்டப்படும் மின்னும் அப்படித்தான். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலே மேலே மீடிறன்கள் போய்க்கொண்டே இருக்கும். பதினாறாவது மடங்கு எவ்வளவு? 1040 கிலோஹேட்ஸ். தூத்துக்குடி 1053. இடையில் 13 கிலோஹேட்ஸ் இருக்கிறதே, தப்பிவிடலாமே என்று நானும் நினைத்தேன். ஆனால் இத்தகைய சார்ஜர்களில் பெரும்பாலானவை வெட்டும் வேகத்தை வேண்டுமென்றே சில சதவீதம் மேலும் கீழுமாக ஆட்டுகின்றன. இரைச்சல் ஒரே இடத்தில் குவியாமல் பரவட்டும் என்பதே நோக்கம். நான்கு சதவீதம் ஆட்டினால் பதினாறாவது மடங்கு 998 முதல் 1082 வரை பரவிக் கிடக்கும். தூத்துக்குடி அதன் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. "ங்ங்" என்ற அந்த ஒலியின் தொனிக்கும் காரணம் உண்டு. 50 ஹேட்ஸ் ஆடலோட்டத்தை நேராக்கும்போது செக்கனுக்கு 100 தடவை ஏற்ற இறக்கம் மிஞ்சும். இரைச்சலும் அந்தத் தாளத்தில் கூடிக் குறைகிறது. நாம் கேட்பது அந்த நூறை.

இப்போது குண்டுக்கு வருவோம். சார்ஜரிலிருந்து மடிக்கணினிக்குப் போகும் கேபிளுக்குள் இரண்டு கடத்திகள் இருக்கின்றன. ஒன்றில் மின்னோட்டம் போகிறது, மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டும் சேர்ந்தே குண்டின் துளைக்குள் நுழைகின்றன. வலக்கை விதியை இரண்டு வயருக்கும் போட்டுப் பாருங்கள். போகும் ஓட்டம் பெரைற்றைச் சுற்றி ஒரு பக்கமாகக் காந்தப்புலத்தை ஆக்குகிறது. வரும் ஓட்டம் அதே அளவில் மறுபக்கமாக ஆக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பெரைற்றுக்கு அங்கே ஓட்டம் இருப்பதே தெரியாது. மடிக்கணினிக்கு மூன்று அம்பியர் போனாலும் சரி, முப்பது அம்பியர் போனாலும் சரி, குண்டு அதைத் தொடுவதில்லை. ஆகவே குண்டு இருப்பதால் சார்ஜ் ஏறுவது குறையாது. திரைக் கேபிளில் குண்டு இருப்பதால் படம் மங்காது, தெளிவும் கூடாது.

அப்படியானால் குண்டு எதைத் தொடுகிறது? இரண்டு வயரிலும் ஒரே திசையில், ஒன்றாகப் போகும் ஓட்டத்தை. அப்படி ஓர் ஓட்டம் எப்படி இருக்க முடியும், போனது திரும்ப வேண்டாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். அது திரும்புகிறது; கேபிள் வழியாக அல்ல. கொள்ளளவி என்றால் நடுவில் காவலி வைத்த இரண்டு தகடுகள்தாமே? மடிக்கணினி ஒரு தகடு, நிலமும் சுவருக்குள் ஓடும் வயர்களும் மறுதகடு, நடுவில் காற்று. யாரும் செய்து வைக்காத, தானாக அமைந்த கொள்ளளவி. வேகமாக மாறும் ஓட்டம் அதன் வழியாகப் பாய்ந்து, வீட்டு வயரிங்கைச் சுற்றிச் சார்ஜருக்கே திரும்பிவிடும். இரண்டு வயரிலும் பொதுவாக, ஒரே பக்கமாக ஓடுவதால் இதைப் பொறியியலாளர் கொமன் மோட் இரைச்சல் என்பார்கள். இந்த ஓட்டத்தின் முன்னால் கேபிள் முழுவதும் ஒற்றைக் கம்பியாக, ஓர் அன்ரனாவாக மாறிவிடுகிறது.

ஒரே திசையில் ஓடுவதால் இரண்டு வயரின் காந்தப்புலங்களும் இங்கே அழியாது, கூடும். பெரைற் அதை உணர்கிறது. குறைந்த மீடிறனில் அது சுருள்போல எதிர்த்து நிற்கிறது. உயர்ந்த மீடிறனில் பெரைற்றின் உள்காந்தங்கள் புலத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்ப முடியாமல் பின்தங்குகின்றன. அந்த இழுபறியில் இரைச்சலின் சக்தி வெப்பமாகிவிடுகிறது. கையில் தெரியாத அளவு வெப்பந்தான். இரைச்சலை வந்த வழியே திருப்பி அனுப்புவதல்ல, அங்கேயே தின்றுவிடுவதே குண்டின் முதன்மையான வேலை.

எனக்கு இங்கே ஒரு வேடிக்கை தோன்றியது. உம்மும்மாவின் வானொலியைத் திறந்தால் உள்ளே செப்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் கோல் இருக்கும். அதுவும் பெரைற்தான். அதன் வேலை தூத்துக்குடியிலிருந்து வரும் காந்தப்புலத்தைச் சேர்த்துக் கொடுப்பது. ஒரே பொருள், அறையின் ஒரு மூலையில் அலையைச் சேகரிக்கிறது, மற்ற மூலையில் அலையைத் தின்கிறது. கலவையும் மீடிறனும் வேறு, அவ்வளவுதான். கோலுக்குத் தேர்ந்த கலவை மத்திய அலையில் இழப்பில்லாமல் இருக்கும். குண்டுக்குத் தேர்ந்த கலவை, தடுக்க வேண்டிய மீடிறனில் வேண்டுமென்றே இழப்புள்ளதாக இருக்கும்.

டீச்சர் கேட்ட "எந்த" என்பதற்கு விடை இங்கேதான் கிடைத்தது. கேபிளில் வழக்கமாக வரும் குண்டு பெரும்பாலும் நிக்கலும் நாகமும் சேர்ந்த கலவை. அது நன்றாக வேலை செய்வது ஏறத்தாழ 30 முதல் 300 மெகாஹேட்ஸ் வரை. பண்பலை வானொலி இருக்கும் 88 முதல் 108 மெகாஹேட்ஸ் இதன் நடுவே வருகிறது. உம்மும்மாவின் தூத்துக்குடியோ ஒரு மெகாஹேட்ஸை ஒட்டியது. குண்டின் வேலைத்தலத்துக்கு வெகு கீழே.

ஏன் 30இலிருந்து? இதற்குப் பாதி காரணம் அலைநீளம். ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்துப் பாருங்கள். 100 மெகாஹேட்ஸில் அலைநீளம் 3 மீற்றர். அதில் பாதி ஒன்றரை மீற்றர். சார்ஜர் வயரின் நீளமும் ஏறக்குறைய அதுதான். பாதி அலைநீளக் கம்பி மிக நல்ல அன்ரனா. ஒரு மெகாஹேட்ஸிலோ அலைநீளம் 300 மீற்றர்; அதற்கு ஒன்றரை மீற்றர் வயர் ஒரு துரும்பு. மறுபாதி காரணம் சட்டம். இலத்திரனியற் பொருள்கள் விற்பனைக்கு வருமுன் எவ்வளவு இரைச்சல் வெளிவிடலாம் என்று சர்வதேச எல்லைகள் உண்டு. 1934இல் தொடங்கிய சிஸ்பிர் என்ற குழு இவற்றை வகுக்கிறது. வீட்டுக் கணினி போன்றவற்றுக்கு 30 மெகாஹேட்ஸுக்குக் கீழே உள்ள இரைச்சலை மின்வயரில் வைத்து அளப்பார்கள். அதற்கு மேலே சில மீற்றர் தள்ளி அன்ரனா வைத்துக் காற்றில் அளப்பார்கள். கேபிள் அன்ரனாவாகிக் காற்றில் பரப்பும் அந்த இரண்டாவது சோதனையில் தேறுவதற்காகத்தான் உற்பத்தியாளர் பெரும்பாலும் கேபிளில் குண்டைக் கோர்க்கிறார்கள். சுற்றை நன்றாக வடிவமைத்திருந்தால் குண்டு வேண்டியதே இல்லை. குண்டில்லாத நல்ல சார்ஜர்கள் நிறைய உண்டு. ஆகவே குண்டு இருப்பதைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டு அறையில் நடந்ததை இனிக் கணக்கோடு சொல்கிறேன்.

முதல் துப்பு தற்செயலாகக் கிடைத்தது. மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைக்கும் கேபிளைக் கழற்றியபோது இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. சார்ஜர் அப்படியே வேலை செய்துகொண்டிருந்தது. திரும்பச் செருகினேன், இரைச்சல் ஏறியது. ஏன்? திரை மூன்று முனைப் பிளக்கால் புவித்தொடுப்பு உள்ளது. கேபிள் இல்லாதபோது இரைச்சல் ஓட்டம் மடிக்கணினியிலிருந்து நிலத்துக்குப் போக, காற்றால் ஆன அந்தக் கொள்ளளவி மட்டுமே வழி. அது 20 பிக்கோபரட் அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாஹேட்ஸில் அதன் தடங்கல் ஏறத்தாழ 8,000 ஓம். ஒடுங்கிய ஒழுங்கை. கேபிளைச் செருகியதும் திரையின் புவி வயர் வழியாக ஒரு பெருந்தெரு திறந்துவிட்டது. இப்போது சுற்றில் மிஞ்சியிருப்பது சார்ஜருக்குள் இரு பக்கத்தையும் இணைக்கும் சின்னக் கொள்ளளவி மட்டுமே. அது ஒரு நனோபரட் அளவு என்று கொண்டால் தடங்கல் 160 ஓம்.

இரண்டாவதாக, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாப்பா வாங்கித் தந்த, இரண்டு பாதியாகத் திறந்து மூடும் குண்டு ஒன்றைச் சார்ஜர் வயரில் பூட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் மேல் குற்றமில்லை. அப்படிப்பட்ட குண்டு 100 மெகாஹேட்ஸில் 200 ஓமுக்கு மேல் தடங்கல் தரும். ஒரு மெகாஹேட்ஸில் 10 ஓம் அளவுதான். 160 ஓம் இருக்கும் தெருவில் 10 ஓமைப் போட்டால் யார் நிற்பார்கள்? இங்கே ஒரு நுணுக்கமும் உண்டு. குறைந்த மீடிறனில் குண்டு சுருள்போல நடந்துகொள்ளும் என்றேன். சுருளும் கொள்ளளவியும் தொடராக வந்தால் அவற்றின் தடங்கல்கள் கூடுவதில்லை, ஒன்றையொன்று கழிக்கும். ஆகவே குண்டு பூட்டியதால் இரைச்சல் சற்றே கூடவும் இடமுண்டு. என் காதுக்கு அது தெரியவில்லை.

இதே கணக்கை 100 மெகாஹேட்ஸில் போட்டுப் பார்த்தபோதுதான் குண்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது. அங்கே காற்றுக் கொள்ளளவியின் 8,000 ஓம் நூறில் ஒன்றாகி 80 ஓமுக்கு இறங்கிவிடும். திரைக் கேபிள் செருகாவிட்டாலும் தெரு திறந்தே கிடக்கும். அந்த 80 ஓமுக்கு எதிரே குண்டின் 200 ஓம் வந்து நின்றால் ஓட்டம் உண்மையாகவே குறையும். குண்டு அந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது.

மூன்றாவது முயற்சி வளையம். இது துளை பெரிய பெரைற் வளையம், மங்கனீசும் நாகமும் சேர்ந்த கலவை. இந்தக் கலவை கீழ்மீடிறனுக்கு ஏற்றது. பெரைற்றில் ஒரு கட்டுப்பாடு உண்டு: காந்தத்தை எவ்வளவு எளிதாக ஏற்கிறதோ, அவ்வளவு குறைந்த மீடிறனிலேயே அது களைத்துவிடும். இதை விளக்கியவர் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் வேலை செய்த ஸ்னூக் என்பவர். அதனால்தான் எல்லா மீடிறனுக்கும் பொருந்தும் ஒரே குண்டு செய்ய முடியாமல் இருக்கிறது.

வளையத்துக்குள் வயரை ஒரு தடவை நுழைத்தால் ஒரு மெகாஹேட்ஸில் 20 ஓம் அளவு கிடைக்கும். ஆனால் நுழைக்கும் தடவைகளின் வர்க்கமாகத் தடங்கல் கூடுகிறது. இரண்டு தடவைக்கு நான்கு மடங்கு, மூன்றுக்கு ஒன்பது, ஐந்துக்கு இருபத்தைந்து. எண்ணும்போது கவனம் வேண்டும்: வயர் துளைக்குள் எத்தனை முறை போகிறது என்பதே கணக்கு, வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்பதல்ல. நேராக நுழைத்து எடுத்தாலே ஒன்று. சார்ஜரின் மெல்லிய வயரை ஐந்து முறை நுழைத்தேன். 20 ஐ 25 ஆல் பெருக்க 500 ஓம். 160இன் முன்னால் 500 பேசத்தக்க அளவு. திரைக் கேபிள் செருகியபடியே இருக்க, இரைச்சல் அதைக் கழற்றியபோது இருந்த அளவுக்கு இறங்கியது. முதலும் கடைசியுமான சுற்றுகளை ஒன்றையொன்று தொடாமல் சற்று விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டம் சுற்றிலிருந்து சுற்றுக்குத் தாவி, வளையத்தையே ஏமாற்றிவிடும்.

இதில் எந்த வயரையும் நான் வெட்டவில்லை, உரிக்கவில்லை. குண்டும் வளையமும் காவலியின் வெளியேதான் இருக்கின்றன. மின்வயரைப் பிரித்துச் செய்யும் வேலை எதுவும் இதற்குத் தேவையில்லை. தங்கைமார் யாரும் முயல வேண்டாம்.

ஆனாலும் இரைச்சல் முழுவதும் போகவில்லை. மிஞ்சியது கேபிளின் கொமன் மோட் ஓட்டத்தால் வருவதல்ல. சார்ஜர் பெட்டிக்குள் இருக்கும் நிலைமாற்றியின் காந்தப்புலம் நேரடியாக வானொலிக்குள் இருக்கும் கோலைத் தொடுகிறது. அதற்குக் குண்டு எதுவும் செய்ய முடியாது. அது கேபிள் வழியாக வரவே இல்லையே. சோதிப்பது எளிது. வானொலியைக் கையில் எடுத்துச் சார்ஜரைச் சுற்றி நடந்தேன். ஓர் அடி தூரத்தில் அலறியது. ஒன்றரை மீற்றரில் முணுமுணுத்தது. இரண்டு மீற்றரில் கேட்கவில்லை. கேபிளில் பரவும் இரைச்சலாக இருந்திருந்தால், சார்ஜரை விட்டு விலகினாலும் சுவர் வயரிங்குக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் திரும்பக் கேட்டிருக்கும்.

குண்டு தொடாத இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பில் தோழிகள் கேட்டவை இவையே. ஒலிபெருக்கியில் "ம்ம்" என்று அடியில் இழுக்கும் ஒலி 50 அல்லது 100 ஹேட்ஸ். அங்கே குண்டின் தடங்கல் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. அது புவித்தொடுப்பைச் சரிசெய்து தீர்க்க வேண்டியது. அடுத்தது, போகும் வயரிலும் வரும் வயரிலும் எதிரெதிராக ஓடும் இரைச்சல். நல்ல ஓட்டம் எப்படிக் குண்டுக்குத் தெரியாமல் போகிறதோ, அப்படியே இதுவும் தெரியாமல் போய்விடும். மின்னல் பாய்ச்சலிலிருந்தும் அது காக்காது. உருகியும் அல்ல.

தங்கள் வீட்டுக் கேபிளில் உள்ள குண்டு உண்மையானதா என்று பார்க்க விரும்புவோருக்கு: குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை அதன் மேல் வையுங்கள். உறைக்கு மேலாலும் இழுப்புத் தெரியும். சில மலிவுக் கேபிள்களில் குண்டு வெறும் பிளாஸ்திக்கு. காந்தம் வழுக்கி விழும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பெரைற் உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் விழும் மயிரிழைக் காற்று வெளியே காந்தப்புலத்தின் பாதையை மறித்துப் பயனைக் குறைத்துவிடும். திறந்து மூடும் குண்டுகளில் இதுவே பெரிய குறை. இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாமல், இடையில் தூசியோ வயரின் தோலோ அகப்பட்டால், அது பேருக்குத்தான் குண்டு. நான் முதலில் பூட்டியதும் பாதி திறந்துதான் இருந்தது என்பதைப் பிறகு கண்டேன். மூடினாலும் தூத்துக்குடிக்கு உதவியிராது என்பது வேறு விஷயம்.

கடைசியில் வானொலியை யன்னலோரம், கடற்பக்கம் உள்ள மூலைக்கு மாற்றினோம். வளையம் சார்ஜர் வயரிலேயே தொங்குகிறது. வானொலிக்குள் இருக்கும் கோல், அதன் முனை நோக்கும் திசையிலிருந்து வரும் அலையை ஏற்காது. பெட்டியை மெல்லத் திருப்பி, கோலின் முனை சார்ஜரை நோக்கும்படி வைத்தபோது, மிஞ்சியிருந்த கீற்றும் போய்விட்டது. எந்தக் கோணம் என்று மறக்காமலிருக்க மேசை விரிப்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். விரிப்பைத் துவைக்கப் போடும்போதெல்லாம் உம்மும்மா என்னைக் கூப்பிடுகிறார்.